சுற்று, புரட்டு

நோர்வூட் பக்கம் மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் லேசில் விடாது. தென்மேற்குக் காற்று கடலிலிருந்து சுமந்து வருவதையெல்லாம் எங்கள் சரிவில்தான் இறக்கிவைக்கும். கரப்பந்து விளையாடும் தரை சேறாகிவிடும். லயத்துக் காம்பிராவுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் இரண்டு மணி நேரம் தோட்டத்துச் சனசமூக நிலையத்துக்கு வரச்சொன்னேன். மழைக் கழகம் என்று பெயர் வைத்தது அவர்கள்தான். மழை இல்லாத சனிக்கிழமை கழகமும் இல்லை.

எங்களிடம் இருந்தவை இவ்வளவுதான்: பழைய கலண்டர் தாள்கள், நான்கு கத்தரிக்கோல், மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு பிஸ்கட் டின். டின் எதற்கென்றால், இந்த ஈரத்தில் வெளியே வைத்த தாள் இரண்டே நாளில் துவண்டுவிடும். துவண்ட தாளில் மடிப்பு நிற்காது. நகத்தால் எத்தனை முறை அழுத்தினாலும் மெல்ல எழுந்து பார்க்கும். டின்னில் வைத்த தாளும் ஒரு கரண்டியின் முதுகும் இருந்தால் போதும், மடிப்பு கத்தி போல நிற்கும்.

சாமிப் படம் போட்ட கலண்டரை வெட்ட எந்தத் தாயும் விடவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. முருகனை ஏழு துண்டாக்கிவிட்டு மாலையில் விளக்கேற்ற முடியாது. ஆகவே கடைக் கலண்டர்கள், பூக்கள், குதிரைகள், சுவிட்சர்லாந்து மலைகள். இந்தத் தாள்களில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தது.

ஏழு துண்டுப் புதிரைத்தான் முதலில் எடுத்தேன். டாங்கிராம் என்பார்கள். ஒரு சதுரத்தை ஏழாக வெட்டி, அந்த ஏழையும் ஒன்றுவிடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிப் பூனை, படகு, ஓடும் மனிதன் என்று உருவம் செய்வது. நாலாயிரம் ஆண்டுப் பழமையானது என்று இதைப்பற்றி ஒரு கதை உலவுகிறது. 1903இல் சாம் லாய்ட் என்ற அமெரிக்கப் புதிர்க்காரர் விளையாட்டாகக் கட்டிவிட்ட கதை அது. சீனாவில் இதற்கென்று அச்சான நூல்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1813ஆம் ஆண்டுக்குரியது. அங்கே இதன் பெயருக்கு ஏழு சாமர்த்தியப் பலகைகள் என்று பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு அது வெறும் 'ஏழு துண்டு'.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துண்டுகளை நான் கொடுக்கவில்லை. காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த ஏழையும் அடிமட்டமே இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்து மடித்தே எடுத்துவிடலாம். வெட்டு ஆறுதான். அப்படித் தன் கையால் மடித்தெடுத்த பிள்ளைக்கு எந்தத் துண்டு எதிலிருந்து பிறந்தது என்று தெரிந்திருக்கும்.

முதலில் சதுரம். கலண்டர் தாளை ஏ4 அளவுக்கு வெட்டிக்கொண்டோம். ஒரு மூலையைத் தூக்கி எதிர் விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சும் பட்டையை நீக்கினால் 21 சென்டிமீட்டர் சதுரம். அது சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சதுரத்தின் மூலைவிட்டத்தை இன்னொரு ஏ4 தாளின் நீள விளிம்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் 29.7 சென்டிமீட்டர், மயிரிழை பிசகாமல் பொருந்தும். ஏ4 தாளின் நீளமும் அகலமும், ஒரு சதுரத்தின் மூலைவிட்டமும் பக்கமும் இருக்கும் அதே விகிதத்தில் இருப்பதால் வரும் பொருத்தம் இது. பிள்ளைகள் இதை மந்திர வித்தை போலப் பார்த்தார்கள். பொருந்தாத சதுரத்தை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். இங்கே விடும் இரண்டு மில்லிமீட்டர் கடைசித் துண்டில் வந்து நின்று கழுத்தைப் பிடிக்கும்.

சதுரத்தை மூலைவிட்டத்தில் மடித்து வெட்டினால் இரண்டு முக்கோணிகள். ஒன்றை நடுவே மடித்து வெட்டினால் இரண்டு பெரிய முக்கோணிகள் தயார். மற்றதில், செங்கோண மூலையை நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியில் கொண்டுவந்து வைத்து மடிக்க வேண்டும். மடிப்பில் வெட்டினால் மேலே இருந்த துண்டு நடுத்தர முக்கோணி. கீழே மிஞ்சுவது ஒரு சரிவகம். அதை நடுவே மடித்து வெட்டினால் இரண்டு பாதிகள் வரும். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் பார்த்த சப்பாத்து மாதிரி இருக்கும்: ஒரு பக்கம் நேரான குதிகால், மறுபக்கம் சரிந்து இறங்கும் கூர்மூக்கு.

ஒரு சப்பாத்தின் மூக்கு நுனியைக் குதிகாலில் கொண்டுவந்து வைத்து மடித்து வெட்டினால் ஒரு சதுரமும் ஒரு சின்ன முக்கோணியும் கிடைக்கும். மற்றச் சப்பாத்தின் குதிகாலைத் தூக்கி, மேல்விளிம்பில் சரிவு தொடங்கும் மூலையில் வைத்து மடித்து வெட்டினால் இன்னொரு சின்ன முக்கோணியும் ஓர் இணைகரமும். ஆக ஏழு.

சோதனை இதுதான். இரண்டு சின்ன முக்கோணிகளையும் சேர்த்துச் சதுரத்தின்மேல் வைத்தால் அது மறைய வேண்டும். பிறகு நடுத்தர முக்கோணியின்மேல், பிறகு இணைகரத்தின்மேல். மூன்றும் மறைந்தால் துண்டுகள் நல்லவை. பார்வைக்கு மூன்றும் வேறு வேறு அளவு போலத் தெரிந்தாலும் பரப்பளவு ஒன்றே. இணைகரம்தான் பெரியது என்று சத்தியம் செய்த பையன் ஒருவன் முக்கோணிகளை வைத்துப் பார்த்துவிட்டுத் தன் கத்தரிக்கோலைச் சந்தேகப்பட்டான்.

அந்தச் சனிக்கிழமை 12 பிள்ளைகள் வந்திருந்தார்கள். துண்டுகள் முடிந்ததும் பூனைப் படத்தைக் கொடுத்தேன். சதுரம் தலை, சின்ன முக்கோணிகள் காது, நடுத்தர முக்கோணி கழுத்து, பெரிய முக்கோணிகள் உடம்பு, இணைகரம் வால். துண்டுகளின் அளவிலேயே வரைந்து, உள்ளே கோடுகளையும் காட்டியிருந்தேன். முதல் நாளுக்கு இப்படித்தான் கொடுக்க வேண்டும். துண்டை அதே அளவுப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பது கண்ணுக்குரிய வேலை. உள்கோடுகளை எடுத்துவிட்டால் கொஞ்சம் சிரமம். படத்தையே சிறிதாக்கித் தூரத்தில் வைத்தால்தான் உண்மையான சிரமம். அப்போது துண்டை மனதுக்குள் சுருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டை எடுப்பதைவிட அளவை மாற்றுவதுதான் பெரிய படி என்பதை நானும் பிள்ளைகள் திணறியதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அன்று கோடு போட்ட, முழு அளவுப் படத்திலேயே ஐந்து பேர் நின்றுபோனார்கள். மற்ற ஏழு பேரும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஐந்து பேருக்கும் ஒரே இடத்தில் தடை: வால். இணைகரத்தை எப்படிச் சுற்றினாலும் அது கோட்டுக்குள் அடங்கவில்லை. ஒரு விளிம்பு பொருந்தினால் மறுமுனை தவறான பக்கம் சாய்ந்தது.

ஐந்து பேரில் ஒருத்தி மேல்கணக்கிலிருந்து வரும் சிறுமி. தரம் 4. அதிகம் பேசமாட்டாள். அவள் அந்த வாலை நாற்பது முறையாவது சுற்றியிருப்பாள். வடிவத்தைப் பார்க்கும் கண் இவளுக்கு இன்னும் வரவில்லை, போகப்போக வரும் என்று என் மனதில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். ஆசிரியர்கள் இப்படிக் குறிப்பு எழுதிக்கொள்ளும் வேகம் பயங்கரமானது.

அந்தக் குறிப்பை அழித்தது தகரம். கூரையில் ஆணி அடித்த இடம் ஒன்று ஒழுகத் தொடங்கி, சரியாக அவளுடைய துண்டுகள்மேல் சொட்டியது. பெரிய முக்கோணி ஒன்று ஊறிப்போனது. பக்கத்தில் இருந்தவள் முடித்துவிட்டாளே என்று அவளுடைய ஏழு துண்டுகளையும் வாங்கி இவளிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பூனை வாலோடு உட்கார்ந்திருந்தது.

"இந்த வால் போகிறது டீச்சர். என்னுடையது போகவில்லை" என்றாள்.

அவளுடைய இணைகரத்தை எடுத்து மற்றதன்மேல் வைத்தேன். பொருந்தவில்லை. சுற்றி வைத்தேன், அப்போதும் பொருந்தவில்லை. பக்கங்களை அளந்தேன்: இரண்டிலும் நீளப் பக்கம் 10.5 சென்டிமீட்டர், குறுகிய பக்கம் 7.4. கோணங்களும் 45, 135தான். எல்லாம் ஒன்று, ஆனால் ஒன்றல்ல. எனக்கு வியர்த்தது என்று சொன்னால் அந்தக் குளிரில் யாரும் நம்பமாட்டீர்கள்.

தடுமாறிய மற்ற நால்வரின் இணைகரங்களையும் வாங்கி வரிசையாக அடுக்கினேன். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முடித்த ஏழு பேருடையவையும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. பிழை எங்கே என்று தெரிய என் செய்முறை அட்டையைத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் வரியில் நானே எழுதியிருந்தேன்: "இரண்டு பாதிகளில் ஒன்றை எடு."

எந்த ஒன்றை? படம் மேலே இருக்கும்படி, நீண்ட விளிம்பைத் தன் பக்கம் வைத்துப் பார்த்தால் அவை இரண்டும் ஒரே சப்பாத்தல்ல. ஒன்று இடது கால், மற்றது வலது கால். சதுரத்தை எந்தச் சப்பாத்திலிருந்து வெட்டினாலும் அது சதுரம்தான். முக்கோணியும் அப்படியே, இருசமபக்க முக்கோணிக்குத் தன் நிழலும் தானும் ஒன்று. இணைகரம் மட்டும் தான் பிறந்த காலை மறப்பதில்லை. வலது சப்பாத்திலிருந்து வெட்டியதைக் குறுகிய பக்கத்தில் நிறுத்தினால் மேல்பக்கம் இடப்புறம் சாயும். இடது சப்பாத்திலிருந்து வெட்டியது வலப்புறம் சாயும். மேசையில் வைத்து எவ்வளவு சுற்றினாலும் ஒன்று மற்றதாகாது. வலது காலுக்குரிய சப்பாத்தை மூலையில் நின்று சுற்றினால் இடது காலுக்குரியதாகுமா?

தாளைப் பொறுத்தவரை தீர்வு எளியது. துண்டைத் தூக்கி வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வைத்தால் முடிந்தது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அது பின்பக்கம் டீச்சர்" என்றான். பூவும் குதிரையும் இருக்கும் பக்கம்தான் தாளின் முகம். முதுகைக் காட்டி யாராவது படம் செய்வார்களா? இரண்டு பக்கமும் ஒரே நிறமான பிளாஸ்டிக் துண்டாக இருந்திருந்தால் கைதவறியாவது ஒருவர் புரட்டியிருப்பார். கலண்டர் அழகாக இருந்ததால் அவர்களைக் கட்டிப்போட்டது.

ஆக, வடிவம் தெரியாததால் அவர்கள் தோற்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி இரண்டு பாதைகளைத் திறந்துவைத்திருந்தது. ஐவரும் அட்டை சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்தவர்கள். படிமுறையைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன்!

அடுத்த வாரமே அட்டையைத் திருத்தினேன்: "படம் மேலே. நீண்ட விளிம்பு உன் வயிற்றுப் பக்கம். சதுரத்துக்கு இடது கைப் பக்கச் சப்பாத்து, இணைகரத்துக்கு வலது கைப் பக்கச் சப்பாத்து." எல்லோருக்கும் ஒரே மாதிரி இணைகரம் வந்தது, எல்லோரும் பூனையை முடித்தார்கள், வகுப்பு அமைதியாக நடந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டுப் பழைய அட்டையையே மறுபடி எடுத்துவைத்தேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போதும் அந்தப் பிழையான அட்டையைத்தான் கொடுக்கிறேன். இது வஞ்சகம் என்று என் தங்கை சொல்கிறாள். இருக்கட்டும். தன் வால் மட்டும் ஏன் போகவில்லை என்று பக்கத்துப் பிள்ளையின் வாலை வாங்கி வைத்துப் பார்க்கும் நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மடிப்பு வேலையில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வந்தது.

ஜூலையில் தண்ணீர்க் கோப்பை மடிக்கலாம் என்று முடிவு செய்தோம். வெட்டு இல்லை, பசை இல்லை, ஒரே சதுரத் தாள். நான் முன்னால் நின்று மடிக்க, அவர்கள் பார்த்து மடிக்க வேண்டும் என்பது திட்டம். பெருமழை பிடித்தபோது தகரத்துக்குக் கீழே நின்றவர்களுக்குத் தெரியும்: ஒருவர் காதில் ஒருவர் கத்தினால்தான் கேட்கும். நான் சொன்னதில் பாதி தகரத்துக்குப் போனது. அதனால் சொல்வதை விட்டு, படியும் படமுமாக அட்டைகள் எழுதினேன்.

கோப்பையின் படிகள் இவை. சதுரத்தை மூலைவிட்டத்தில் மடித்து, கூர்நுனி மேலே, மடிந்த நீள விளிம்பு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மேல்தாளின் வலது சரிவு விளிம்பைக் கீழ்விளிம்போடு சேர்த்து லேசாக மடித்தால், அந்த மடிப்புக்கோடு இடது சரிவில் ஓரிடத்தைத் தொடும். அங்கே நகத்தால் அடையாளம் செய்துவிட்டு விரித்துவிட வேண்டும். இனி வலது மூலையை அந்த அடையாளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சரியாகப் போயிருந்தால் மடிந்த பகுதியின் மேல்விளிம்பு கீழ்விளிம்புக்குச் சமாந்தரமாகப் படுக்கும். சாய்வாக நின்றால் அடையாளம் தவறு. இதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம், ஆனால் இந்த இடத்தில் பிடிக்காவிட்டால் கோப்பை ஒருபக்கம் கோணிப்போகும். பிறகு இடது மூலை அதே உயரத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். மேலே நிற்கும் இரண்டு நுனிகளில் முன்னால் இருப்பதைக் கீழே மடித்து, மடிப்பின் பைக்குள் செருக வேண்டும்.

அடுத்த வரியில்தான் வழுக்கினேன். "திருப்பி, மற்ற நுனியையும் கீழே மடி" என்று எழுதியிருந்தேன்.

ஐந்து விதமாகத் திருப்பினார்கள். ஒருவன் தாளை மேசையிலேயே அரைவட்டமாகச் சுற்றினான். நுனி அவன் வயிற்றைப் பார்த்தது, முன்பக்கம் முன்பக்கமாகவே இருந்தது. இன்னொருத்தி புத்தகத்தாளைத் திருப்புவது போலத் திருப்பினாள். அவளுக்குச் சரியாக வந்தது. மூன்றாமவன் ரொட்டியைத் தட்டில் போடுவது போல மேலிருந்து கீழாகக் கவிழ்த்தான். பின்பக்கம் வந்துவிட்டது, ஆனால் கோப்பை தலைகீழ். மேலே இருப்பதைக் கீழே மடி என்று அட்டை சொல்கிறதே என்று, மேலே வந்து நின்ற அடிப்பாகத்தை மடித்து ஒரு கடித உறை செய்துவிட்டான். ஒருவன் எல்லாவற்றையும் விரித்துவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பினான். 'திருப்பி' என்றால் 'மறுபடியும்' என்றும் பொருள்தானே. கடைசியாக ஒருத்தி தாளைப் பக்கத்துப் பிள்ளையின் பக்கம் திருப்பி நீட்டினாள்.

ஐந்துமே தமிழ். ஒன்றையும் தப்பு என்று சொல்ல முடியாது. நம் மொழியில் திருப்பு என்ற ஒரு சொல் சுற்றுவதையும் கவிழ்ப்பதையும் சேர்த்தே சுமக்கிறது. பூனையின் வாலிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று அப்போது உறைத்தது. அன்று நான் "வாலைத் திருப்பிப் பார்" என்று பலமுறை சொல்லியிருந்தேன். அந்தச் சிறுமியும் நாற்பது முறை திருப்பித்தான் பார்த்தாள், மேசையை விட்டுத் தூக்காமல்.

படம் பார்த்து மடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. ஜப்பானில் அகிரா யோஷிசாவா (1911–2005) என்ற மடிப்புக் கலைஞர் 1950களில் அமைத்துக் கொடுத்த குறியீடுகளிலிருந்து வளர்ந்ததைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அதில் பின்பக்கம் வரும்படி கவிழ்க்க, நடுவில் ஒரு சுருக்கு விழுந்த அம்புக்குறி. மேசையிலேயே சுற்றுவதற்கு வேறு குறி, வட்டமாக ஓடும் அம்பு. சொல் குழப்பும் இடத்தில் குறி குழப்புவதில்லை. தன்னை நோக்கி உள்ளே விழும் மடிப்புக்குச் சிறு கோடுகளாலான வரி. அதைப் பள்ளத்தாக்கு மடிப்பு என்பார்கள். முதுகு மேலே எழும் மடிப்புக்குக் கோடும் புள்ளியும் மாறிமாறி வரும் வரி. அது மலை மடிப்பு. இந்த இரண்டு பெயர்களையும் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஜன்னலைக் காட்டினேன்.

ஆனாலும் வாயால் சொல்லவும் ஒரு சொல் வேண்டுமே. மேசையில் செய்வது 'சுற்று', தூக்கிக் கவிழ்ப்பது 'புரட்டு' என்று இரண்டாகப் பிரித்துவைத்தேன். கரும்பலகையில் எழுதிய உடனே சிரிப்பு. எங்கள் பேச்சில் புரட்டு என்பது பெரட்டு ஆகிவிடும். தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் கூடுவது. பரேட் என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தது என்பார்கள். "டீச்சர், வாலுக்குப் பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாருக்கும் நினைவூட்ட வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது எங்கள் அட்டைகளில் மூன்று கட்டளைகள் இருக்கின்றன: 'சுற்று', 'புத்தகப் புரட்டு', 'ரொட்டிப் புரட்டு'. கோப்பைக்கு வேண்டியது புத்தகப் புரட்டு. வாய் மேலே இருக்க, முன்னும் பின்னும் மட்டும் மாறும்.

சொற்கள் சரியானதும் வேகம் வந்துவிட்டது. இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்வார்கள். ஒருவர் மடித்துக்கொண்டே சொல்ல, மற்றவர் பார்க்காமல் கேட்டு மடிக்க வேண்டும். மழை கொஞ்சம் தணிந்த நேரத்தில்தான் இது நடக்கும். "இந்த மூலை", "அந்தப் பக்கம்" என்பவர்கள் மூன்றாம் படியிலேயே சண்டைக்குப் போவார்கள். நன்றாகச் சொல்பவர்கள் ஒவ்வொரு படியிலும் எந்தப் புள்ளி நகர்கிறது, அது எங்கே போய் உட்கார்கிறது, முடிந்ததும் என்ன தெரிய வேண்டும் என்று மூன்றையும் சொல்கிறார்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "இப்போது உன் கையில் வீட்டுக் கூரை மாதிரி இருக்கிறதா?" என்று ஒரு பையன் ஒவ்வொரு படியிலும் கேட்பான். அவனுடைய கூட்டாளியின் கோப்பை கோணியதே இல்லை.

கோப்பைகளை இறவாணத்துக்குக் கீழே பிடித்துச் சோதித்தார்கள். அப்பியாசக் கொப்பித் தாளில் செய்தது சீக்கிரமே ஊறி, அடி தொய்ந்து, கையை நனைத்தது. வழவழப்பான கலண்டர் தாள் நீண்ட நேரம் நின்றது, ஆனால் அந்தத் தடிப்பில் நுனியைப் பைக்குள் செருகுவது சிரமம். வாய் விரிந்துகொண்டே இருக்கும். இரண்டிலும் பாதகம் இருக்கிறது. எது நல்லது என்பதில் கழகம் இன்னும் இரண்டு கட்சி.

கட்சிக்கு வெளியே ஒரு கேள்வியும் வந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று ஒரு தாய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஈரத்தோடு வாசலில் நின்று கேட்டார். வடிவங்களைத் திருப்பிக் காட்டி எது பொருந்தும் என்று கேட்கும் கேள்விகளில் உதவலாம், அதற்குமேல் என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றேன். "சரி, காம்பிராவுக்குள் கிடந்து அடித்துக்கொள்ளாமல் இருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் பூனைக்குத் திரும்ப வந்தோம். இந்த முறை புதிர் வேறு. சிவனொளிபாதமலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பூனை, முகத்தை அப்படியே எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் தெரிவது போல. முழுப் பூனையையும் புரட்டக்கூடாது, ஒவ்வொரு துண்டாகத்தான் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலோர் எல்லாத் துண்டுகளையும் கவிழ்த்து வெள்ளைப் பூனை செய்தார்கள். சரிதான், அதில் தவறில்லை. மேல்கணக்குச் சிறுமி மட்டும் ஆறு துண்டுகளில் பூவை மேலேயே வைத்துச் சுற்றி அமைத்துவிட்டு, வாலை மட்டும் புரட்டினாள். பூப்போட்ட பூனை, வெள்ளை வால். அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதியும் வைத்தாள்: "ஆறு சுற்று, ஒன்று புரட்டு."

அவளுக்குத் தரம் 5இல் படிக்கும் ஒருவனோடு ஒரு வழக்கு இருந்தது. ஏழு துண்டையும் சேர்த்துப் பழைய பெரிய சதுரத்தைத் திரும்பச் செய்வதில் அவன் கெட்டிக்காரன். அது பார்ப்பதைவிடக் கடினம். துண்டுகளின் பக்கங்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. 7.4 சென்டிமீட்டரும் அதன் இரட்டிப்பும் ஒரு குடும்பம். 10.5 சென்டிமீட்டரும் அதன் இரட்டிப்பும் மற்றது. பெரிய சதுரத்தின் விளிம்பு 21. அதில் 7.4ஐ மூன்று முறை அடுக்கினால் 22க்குக் கொஞ்சம் கூட வரும். ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தானே என்று பிள்ளைகள் துண்டை நசுக்கி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். நெருங்கி வருவது வேறு, பொருந்துவது வேறு. அவன் இதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டு, வெளிவிளிம்பில் 10.5 குடும்பத்தை மட்டும் நிறுத்தி, மற்றதை உள்ளே அனுப்பிவிடுவான்.

அவன் வழக்கு இதுதான்: வாலைப் புரட்டுவது வீண் பேச்சு. இடது சப்பாத்து இணைகரத்தை வைத்தும் சதுரம் செய்திருக்கிறேன், வலது சப்பாத்து இணைகரத்தை வைத்தும் செய்திருக்கிறேன். ஒருமுறைகூடப் புரட்டியதில்லை. அப்படியென்றால் பூனைக்கு மட்டும் ஏன்?

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தகரத்தில் மழை இறங்கிவிட்டது. அவள் அவன் பக்கம் குனிந்து கத்தினாள்:

"சதுரத்துக்கு முகம் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள் அண்ணா!"

அவன் தன் சதுரத்தைச் சுற்றினான். பிறகு தூக்கிப் புரட்டினான். பிறகு சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.